ஒரு மணிச்சரத்தின் நீளம்



பைதகரசின் தேற்றமும் (a + b)² என்பதன் விரியும் உங்களுக்குத் தெரியும். இவ்விரண்டையும் பல ஆண்டுகளாகப் படிப்பித்து வந்த நான், ஒரு மாணவியிடம் மன்னிப்புக் கேட்க நேர்ந்த கதை இது. கணிதம் எனது பட்டப்படிப்புப் பாடமன்று. நான் கலைப் பட்டதாரி. இதையும் மனதில் வைத்துக்கொண்டு வாசியுங்கள்.

எமது வகுப்பில் வாணி விழாவுக்கு ஒரு மணிச்சரம் கட்ட எண்ணினோம். இரு தூண்களுக்கு இடைப்பட்ட தூரம் 4 m. சரத்தின் நடுப்பகுதி 1.09 m கீழே தொங்கி, பதாகையின் மேல் விளிம்பைத் தொடவேண்டும். எவ்வளவு நீளம் கோர்ப்பது என்று மாணவி கேட்டாள். நான் கரும்பலகையில் இரு செங்கோண முக்கோணிகளை வரைந்தேன். கிடை 2 m, நிலைக்குத்து 1.09 m, செம்பக்கம் ஏறத்தாழ 2.28 m. ஆகவே மொத்தம் 4.56 m என்றேன். அவள் இரவிரவாக இருந்து கோர்த்து வந்தாள்.

கட்டிப் பார்த்தபோது சரம் பதாகையைத் தொடவில்லை. 13 cm மேலே நின்றது. "நீ சரியாக அளக்கவில்லை" என்று எல்லார் முன்னிலையிலும் சொல்லிவிட்டேன். அவள் நாடாவை எடுத்து மீண்டும் அளந்து காட்டினாள். 4.56 m சரியாக இருந்தது. "ரீச்சர், நீங்கள் நேர்கோடு போட்டீர்கள். சரம் வளைந்தல்லவா தொங்குகிறது?" என்றாள்.

பிழை என்னுடையதே. இரு புள்ளிகளுக்கு இடையே நேர்கோடுதான் மிகக் குறுகியது. வளையி எப்போதும் அதைவிட நீளமானது.

அப்படியானால் இது எந்த வளையி? பரவளைவு என்றே நான் நினைத்திருந்தேன். 1638 இல் வெளிவந்த தமது நூலில் கலிலியோவும் தொங்கும் சங்கிலியைப் பரவளைவுக்குக் கிட்டியதாகவே எழுதினார். எமது சரத்தின் அளவுகளுக்குப் பரவளைவை எடுத்தால் நீளத்தில் வரும் பிழை 2 cm இலும் குறைவு. கண்ணால் பிரித்தறிவது கடினம். உண்மையான வளையியை 1691 இல் லைப்னிற்ஸ், ஹைகென்ஸ், யோகான் பேர்னூலி ஆகிய மூவரும் தனித்தனியே கண்டனர். அதன் சமன்பாட்டில் வருவது அதிபரவளைவுக் கோசைன் என்னும் சார்பு. உயர்தர வகுப்பில் இணைந்த கணிதம் படிப்பிக்கும் நண்பர் ஒருவரிடம் சென்று இதைக் கேட்டறிந்தேன். பெயர் பயமுறுத்தினாலும் உள்ளே இருப்பது சுட்டிகள்தான்.

e என்பது ஏறத்தாழ 2.718 ஆகிய ஓர் எண். பின்வருமாறு இரு கணியங்களை எடுப்போம்.

P = (eᵘ + e⁻ᵘ) / 2
Q = (eᵘ − e⁻ᵘ) / 2

P தான் அதிபரவளைவுக் கோசைன். Q அதிபரவளைவுச் சைன். தொங்கும் சரத்தின் சமன்பாடு y = aP. இங்கு u = x/a ஆகும். a என்பது சரம் எவ்வளவு இறுக்கமாகத் தொங்குகிறது என்பதைக் காட்டும் நீளம். நடுவில் u = 0 ஆகையால் P = 1, y = a. எனவே y ஐ நிலத்திலிருந்து அளக்கக்கூடாது. சரத்தின் மிகத் தாழ்ந்த புள்ளிக்கு a அளவு கீழேயுள்ள கோட்டிலிருந்தே அளக்கவேண்டும். பலர் தவறுவது இங்கேதான்.

இனி நீளத்தைப் பார்ப்போம். சரத்தை மிகச் சிறு துண்டுகளாகப் பிரியுங்கள். ஒவ்வொரு துண்டும் ஏறத்தாழ நேர்கோடு. ஒரு துண்டின் கிடை அளவு h, படித்திறன் m எனின் நிலைக்குத்து அளவு mh. பைதகரசின்படி அத்துண்டின் நீளம் h√(1 + m²). நான் முன்பு செய்ததும் இதுவே. ஆனால் முழுச் சரத்துக்கும் இரண்டே துண்டுகளை எடுத்ததுதான் எனது பிழை.

பெரும்பாலான வளையிகளில் இந்த வர்க்கமூலம் பெரும் தொல்லை தரும். y = x² என்னும் பரவளைவின் படித்திறன் 2x. அப்போது √(1 + 4x²) வரும். உள்ளே இருப்பது நிறைவர்க்கமன்று. மூலம் அப்படியே நின்றுவிடும். ஆனால் எமது சரத்தின் படித்திறன் Q ஆகும். (இதை வகையீடு கற்கும்போது நிறுவுவீர்கள். இப்போது ஏற்றுக்கொள்ளுங்கள்.) இப்பொழுது நடப்பதை நோக்குக.

Q² = (e²ᵘ − 2 + e⁻²ᵘ) / 4

நடு உறுப்பு −2 எப்படி வந்தது? eᵘ × e⁻ᵘ = e⁰ = 1 என்பதால். இதனுடன் 1 ஐ, அதாவது 4/4 ஐக் கூட்டுங்கள்.

1 + Q² = (e²ᵘ + 2 + e⁻²ᵘ) / 4 = P²

−2 உடன் 4 சேர்ந்து +2 ஆகிவிட்டது. வித்தியாசத்தின் வர்க்கம் கூட்டுத்தொகையின் வர்க்கமாக மாறியது. எனவே √(1 + Q²) = P. P எப்போதும் நேரெண் ஆகையால் குறியில் ஐயமில்லை. மூலம் மறைந்துவிட்டது.

ஒவ்வொரு துண்டின் நீளமும் hP என்றாகிறது. நடுவிலிருந்து தூண் வரை இவற்றைக் கூட்டினால் aQ கிடைக்கும். இக்கூட்டலை உயர்தரத்தில் தொகையீடு என்பர்.

எமது சரத்துக்கு a ஏறத்தாழ 2 m. தூணில் x = 2 ஆகையால் u = 1.

P = (2.7183 + 0.3679) / 2 = 1.5431
Q = (2.7183 − 0.3679) / 2 = 1.1752

தூணில் y = 2 × 1.5431 = 3.086 m. நடுவில் 2 m. தொய்வு 1.086 m. எமது அளவுடன் பொருந்துகிறது. அரைச்சரம் 2 × 1.1752 = 2.350 m. முழுச்சரம் 4.70 m. நான் சொன்னது 4.56 m. அந்தப் பிள்ளைக்கு 14 cm குறைத்துச் சொல்லியிருக்கிறேன்.

விடையைச் சரிபார்க்க ஒரு வழி உண்டு. P² − Q² = 1 என்பதை a² ஆல் பெருக்கினால், அரைச்சரத்தின் நீளம் s எனின், s² = y² − a² ஆகும். 3.086² − 2² = 5.52. அதன் வர்க்கமூலம் 2.35. சரி.

ஓர் எச்சரிக்கை. மூலம் இவ்வாறு மறைவது y = aP இல் வெளியேயுள்ள a உம் u = x/a இல் உள்ள a உம் ஒன்றாக இருக்கும்போது மட்டுமே. y = 2P, u = x என எடுத்தால் படித்திறன் 2Q. அப்போது 1 + 4Q² = e²ᵘ − 1 + e⁻²ᵘ. நடு உறுப்பு +2 அன்று, −1. நிறைவர்க்கம் கிடையாது. அமெரிக்காவின் சென். லூயிஸ் நகரில் 1965 இல் கட்டி முடிக்கப்பட்ட 192 m உயரமான வளைவும் அதிபரவளைவுக் கோசைனால் ஆனதே. ஆனால் அங்கு அவ்விரு எண்களும் பொருந்துவதில்லை. ஆகவே அதன் நீளத்துக்கு இச்சுருக்கம் உதவாது. அதேபோல் சரத்தின் பாரம் நீளம் முழுவதும் சீராக இருக்கவேண்டும். நடுவில் ஒரு பெரிய விளக்கைத் தொங்கவிட்டால் அந்த இடத்தில் சரம் முறிந்து கூர்மையாகிவிடும். அப்போதும் இந்த விடை பிழைக்கும்.

மறுநாள் இவ்வளவையும் கரும்பலகையில் எழுதி, "அளவு சரி, கணக்குத்தான் பிழை" என்று அந்த மாணவியிடம் வகுப்பின் முன்னிலையிலேயே மன்னிப்புக் கேட்டேன். அவள் சிரித்துவிட்டு, "அப்ப இன்னும் 14 சென்ரிமீற்றர் கோர்க்கவேணும், ரீச்சர்" என்றாள். கோர்த்தோம். சரம் பதாகையைத் தொட்டது.

செய்து பாருங்கள்: a = 3 m, தூணில் eᵘ = 3 எனின் P, Q ஆகியவற்றைக் காண்க. அரைச்சரத்தின் நீளம் யாது? தொய்வு யாது? s² = y² − a² ஆல் சரிபார்க்க.
(விடை: P = 5/3, Q = 4/3, அரைச்சரம் 4 m, தொய்வு 2 m. 3, 4, 5 என்னும் பழகிய எண்கள் வருவதைக் கவனிக்குக.)