"கடைக்குப் போயி ஒரு கட்டு பீடி வாங்கிட்டு வாடா"

சங்கரன்கோவில் வட்டாரத்துல தறி ஓட்டுற அப்பாக்கள் பலர் என்கிட்ட சொல்றது இதுதான்:
"சார், நான் குடிச்சாலும் பையனைக் கண்டிச்சுத்தான் வச்சிருக்கேன்"

கண்டிப்பு மட்டும் போதாது சொந்தங்களே.
பல ஆய்வுகளைத் தொகுத்து 2011இல் வெளியான முடிவு: அப்பா, அம்மா இருவரில் ஒருவர் புகைத்தாலே பிள்ளை புகைக்கத் தொடங்கும் வாய்ப்பு சுமார் 1.7 மடங்கு. இருவருமே புகைத்தால் 2.7 மடங்கு.

ஏன்?
ஏழு வயசுப் பையனைப் பீடி வாங்க அனுப்புறீங்க. எந்தக் கடை, என்ன விலைன்னு அவனுக்குப் பழகிடுது. அலுப்பு வந்தா பத்த வைக்கணும்னு உங்களைப் பார்த்தே படிச்சுக்கிறான். பதினஞ்சு வயசுல நண்பன் நீட்டும்போது அது அவனுக்குப் புதுசே இல்ல.

(18 வயதுக்குக் கீழ் உள்ளவருக்குப் புகையிலை விற்பது 2003 சட்டப்படி குற்றம்)

எது உதவும்?
நீங்க விடுறதுதான். பிள்ளை மூணாம் வகுப்பு போறதுக்குள்ள விட்ட பெற்றோரின் பிள்ளைகள், பதினேழு வயதில் தினமும் புகைப்பது குறைவு என்று அமெரிக்க ஆய்வு ஒன்று காட்டியது.

உடனே முடியலையா?
வீட்டுக்குள்ள புகைக்காதீங்க.
பிள்ளையைக் கடைக்கு அனுப்பாதீங்க.
"விட முடியாம கஷ்டப்படுறேன், நீ தொடங்கிடாதப்பா"ன்னு அவன்கிட்ட உண்மையைச் சொல்லுங்க.

விட்ட முதல் சில நாள் எரிச்சலும் தூக்கமின்மையும் அதிகம் இருக்கும். சில வாரத்தில் தணியும்.
கட்டணமில்லா உதவி எண்: 1800-11-2356.

அண்ணே, உங்க பையனுக்கு இப்ப என்ன வயசு?