மார்ச் தேதி போட்டுக் குடுங்க தம்பி

ஏப்ரல் மாதத்தின் முதல் இரண்டு வாரம் ஏதாவது ஒரு கடையில் பில் போடுகிற மேஜையில் உட்கார்ந்து பாருங்கள். ஒரு வாக்கியம் நிச்சயம் காதில் விழும். "தம்பி, அந்த ஒரு பில்லை மட்டும் மார்ச் தேதி போட்டுக் குடுத்துருங்க." கேட்பவர்கள் யாரும் திருடர்கள் இல்லை. பத்து வருடமாக நம்மிடமே சாமான் வாங்கி, சொன்ன தேதியில் காசு கொடுப்பவர்கள்தான் உரிமையோடு கேட்பார்கள். முன்பின் தெரியாதவன் கேட்டால் முடியாது என்று சொல்ல ஒரு நொடி போதும். இவர்களிடம் சொல்வதுதான் பாடு.

கோவையில் என் சித்தப்பாவுக்கு மெஷினரி கடை. கல்லூரி இல்லாத நாட்களில் நான்தான் டேலியில் பில் போடுவேன். 2025 ஏப்ரலில் நடந்ததை எழுதுகிறேன். நம் வகுப்பில் ஜி.எஸ்.டி. பேப்பரை மனப்பாடம் செய்து தள்ளியவர்களுக்கு உபயோகப்படும் (நானும் அந்த கோஷ்டிதான் :) ).

வாடிக்கையாளர் ஒரு சின்ன ஒர்க்‌ஷாப் முதலாளி. மார்ச் 24-ம் தேதி ஒரு ரேடியல் ட்ரில்லிங் மெஷின் ஆர்டர் கொடுத்தார். விலை 2,00,000 ரூபாய், 18 சதவீதம் வரி 36,000, ஆக மொத்தம் 2,36,000. மாத முடிவுக்குள் வந்துவிடும் என்று தயாரிப்பாளர் சொல்லியிருந்தார், வரவில்லை. அவர் எங்களுக்கு பில் போட்டதே ஏப்ரல் 3-ம் தேதிதான். 4-ம் தேதி மெஷின் எங்கள் குடோனுக்கு வந்தது. 5-ம் தேதி சனிக்கிழமை பில் போட்டு, இ-வே பில் எடுத்து, வண்டியில் ஏற்றி அனுப்பினோம். பில் எண் 25-26/019.

திங்கட்கிழமை காலையில் போன். "கண்ணு, நான் ஆர்டர் குடுத்தது மார்ச்ல. லேட் பண்ணது நீங்க. பில்லை மார்ச் 28-னு மாத்தி அனுப்புங்க, ஆடிட்டர் கேக்கறாரு."

அவர் பேச்சில் நியாயம் இருக்கிறது பாருங்கள். தாமதம் அவரால் வந்தது இல்லை. அதனால் சட்டத்தைத் தூக்கி முகத்தில் அடிப்பது சரியில்லை. முதலில் அவருக்கு என்ன நஷ்டம் என்று நானே கணக்குப் போட்டுப் பார்த்தேன். இரண்டு விஷயம் தெரிந்தது.

ஒன்று வருமான வரி. மெஷினுக்குத் தேய்மானம் வருடத்துக்கு 15 சதவீதம். வாங்கிய வருடத்தில் 180 நாளுக்குக் குறைவாக ஓடியிருந்தால் அதில் பாதி, அதாவது 7.5 சதவீதம். 28-ம் தேதி பில் இருந்தால் 2024-25 கணக்கில் 15,000 ரூபாய் தேய்மானம் எழுதலாம் என்பது அவர் நினைப்பு. முப்பது சதவீத வரி கட்டுபவர் என்று வைத்தாலும் மிச்சம் 4,500 ரூபாய். ஆனால் தேய்மானத்துக்கு பில் தேதி மட்டும் போதாது, மெஷினை அந்த வருடத்திலேயே வேலைக்குப் பயன்படுத்தியிருக்க வேண்டும். மார்ச் 31-ம் தேதி அந்த மெஷின் அவர் ஷெட்டிலும் இல்லை, எங்கள் குடோனிலும் இல்லை. ஆக நாங்கள் தேதியை மாற்றினாலும் அந்தப் பதினைந்தாயிரம் அவருக்குச் சேராது. ஏப்ரல் பில்லிலேயே அடுத்த வருடக் கணக்கில் முழு 15 சதவீதம், அதாவது 30,000 கிடைக்கிறது.

இரண்டாவதுதான் உண்மையான வலி. 36,000 ரூபாய் இன்புட். மார்ச் பில்லாக இருந்து, நாங்கள் ஏப்ரல் 11-க்குள் ஜி.எஸ்.டி.ஆர்-1 தாக்கல் செய்தால், 14-ம் தேதி அவருடைய 2பி-யில் அது தெரியும். 20-ம் தேதி அவர் கட்ட வேண்டிய வரியில் கழித்துக்கொள்ளலாம். ஏப்ரல் பில் என்றால் இதெல்லாம் மே மாதத்துக்குத் தள்ளிப் போகும். நடுவில் ஒரு மாதத்துக்கு அந்த 36,000 ரூபாயைக் கையிலிருந்து கட்டியாக வேண்டும். சின்ன ஒர்க்‌ஷாப்புக்கு இது சம்பளக் காசு. "ஆடிட்டர் கேக்கறாரு" என்பதற்குப் பின்னால் இருந்தது இதுதான் என்று எனக்குப் பட்டது.

இனி எங்கள் பக்கம். நிறைய பேர் நினைப்பது போல டேலி இதைத் தடுக்காது. தேதியை மாற்றி என்டர் தட்டினால் மாறிவிடும். ஏப்ரல் 7-ம் தேதி மார்ச் கணக்கு இன்னும் தாக்கல்கூட ஆகவில்லை, போர்ட்டலும் வாயைத் திறக்காது. ஆனால் அந்த மெஷினின் தேதி எங்கள் கம்ப்யூட்டரில் மட்டுமா இருக்கிறது?

தயாரிப்பாளர் எங்களுக்குப் போட்ட ஏப்ரல் 3 பில் அவருடைய கணக்கில் இருக்கிறது, எங்கள் 2பி-யிலும் வரப் போகிறது. நாங்கள் மார்ச் 28-ல் விற்றதாகக் காட்டினால், வாங்குவதற்கு ஆறு நாள் முன்பே விற்றோம் என்று ஆகும். டேலியில் அந்தத் தேதிக்கு ஸ்டாக் ரிப்போர்ட் எடுத்தால் ட்ரில்லிங் மெஷின் கழித்தல் ஒன்று என்று காட்டும். இல்லாத மெஷினை விற்ற கடை! அடுத்தது இ-வே பில். தமிழ்நாட்டுக்குள் போகிற சரக்கு ஒரு லட்சத்தைத் தாண்டினால் அது வேண்டும். அதில் ஏப்ரல் 5 என்ற தேதி, பில் எண், வண்டி எண் மூன்றும் ஏறிவிட்டன. எடுத்த 24 மணி நேரத்துக்குள்தான் ரத்து செய்ய முடியும், திங்கட்கிழமை அந்த நேரம் தாண்டிவிட்டது.

எனக்குப் பிடித்தது பில் எண். வரிசையாக, இடைவெளி இல்லாமல், ஒரு நிதியாண்டில் ஒரு எண் ஒரு முறைதான் வர வேண்டும் என்பது விதி. எங்கள் மார்ச் 31 கடைசி பில் 24-25/638. மார்ச் 28 என்று புதிதாக ஒன்று நுழைக்க வேண்டுமானால் அதற்கு 639 கொடுக்க வேண்டும். 638 மார்ச் 31, 639 மார்ச் 28. இந்தப் பக்கம் ஏப்ரலில் 019 காணாமல் போயிருக்கும். லிஸ்ட்டை மேலிருந்து கீழே பார்க்கிற யாருக்கும் கண் அங்கே போய் நிற்கும், பெரிய துப்பறியும் வேலையெல்லாம் தேவையில்லை.

தவறான பில் கொடுத்தால் பத்தாயிரம் ரூபாய் அல்லது சம்பந்தப்பட்ட வரித் தொகை, இதில் எது அதிகமோ அது அபராதம். இங்கே அது 36,000. அவர் பக்கமும் சும்மா இல்லை. சரக்கு கைக்கு வந்த பிறகுதான் இன்புட் எடுக்கலாம், மார்ச்சில் அவர் கைக்கு எதுவும் வரவில்லை.

சரி, இதை எப்படிச் சொல்வது? கடைத்தெருவில் வழக்கமான பதில் "சிஸ்டம் லாக் ஆயிருச்சுங்க". எனக்கு இது பிடிக்காது. முதல் காரணம், பொய். இரண்டாவது, அவர் ஆபீஸிலும் அதே டேலிதான் ஓடுகிறது. "என் பையனை அனுப்பறேன், ரெண்டு நிமிஷத்துல திறந்து குடுப்பான்" என்றால் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது? ஆடிட்டர் மேல் பழி போடுவதும் இப்படித்தான். நேரே ஆடிட்டருக்கு போன் போட்டுவிடுவார். நம்முடைய மறுப்பு வேறு யாருடைய தலையிலோ நின்றால், அந்த ஆளைச் சரிக்கட்டினால் வேலை முடிந்துவிடும் என்றுதான் அவருக்குத் தோன்றும்.

சித்தப்பாவிடம் பேசிவிட்டு இப்படி வாட்ஸப் அனுப்பினேன்:

"வணக்கங்க அண்ணா. பில் 25-26/019-ஐ மார்ச் தேதிக்கு மாற்றித் தர முடியாதுங்க, மன்னிக்கணும். மெஷின் எங்களுக்கே ஏப்ரல் 3 பில்லில்தான் வந்தது, உங்களுக்கு வந்த இ-வே பில்லில் ஏப்ரல் 5 இருக்கிறது. எங்கள் பில்லில் மட்டும் மார்ச் இருந்தால் நாளைக்கு உங்கள் இன்புட்டைத்தான் கேள்வி கேட்பார்கள். 36,000 இன்புட் எங்கும் போகாது, எங்கள் ஏப்ரல் கணக்கில் ஏற்றிவிடுகிறோம், மே 14 உங்கள் 2பி-யில் வந்துவிடும். ஆர்டர் மார்ச் 24-ல் கொடுத்தீர்கள் என்பதற்கு வேண்டுமானால் இன்றைய தேதியில் கடிதம் தருகிறோம். தாமதத்துக்கு வருந்துகிறோம். சித்தப்பா மதியம் உங்களிடம் பேசுவார்."

முடியாது என்பதை இரண்டாவது வரியிலேயே வைத்தேன். "பாக்கறேங்க, கேட்டுச் சொல்றேங்க" என்று இழுத்தால் அவர் ஆடிட்டரிடம் பில் வருகிறது என்று சொல்லிவிடுவார். அப்புறம் மறுத்தால் ஏமாற்றியது போல ஆகிவிடும். கடிதத்திலும் இன்றைய தேதி என்று சொன்னதைக் கவனியுங்கள். பில்லுக்கு மறுத்துவிட்டு மார்ச் தேதி போட்ட கடிதம் கொடுத்தால் அர்த்தமே இல்லை. பொய், ஏமாற்று மாதிரி வார்த்தைகள் எதையும் போடவில்லை. அவரும் அப்படி நினைத்துக் கேட்கவில்லை.

பதில் வந்தது. "பக்கத்துக் கடையில கேட்ட தேதி போட்டுத் தர்றாங்க." அவ்வளவுதான். எனக்கு வயிற்றைக் கலக்கியது. வருடத்துக்கு ஏழெட்டு லட்சம் வியாபாரம் தருகிறவர்.

மதியம் சித்தப்பா பேசினார். தேதியைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. "ஏனுங்க, 20-ம் தேதி கட்டறதுக்கு டைட்டாங்க?" என்று மட்டும் கேட்டார். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு ஆமாங்க என்றார். மெஷினுக்கு முப்பது நாள் தவணை, மே 5-க்குள் பணம் தர வேண்டும். சித்தப்பா அதை மே 20 என்று தள்ளி வைத்தார். இது தானம் இல்லை, கணக்குதான். ஏப்ரல் பில்லுக்கு நாங்கள் வரி கட்ட வேண்டிய கடைசி நாளும் மே 20. மார்ச் பில்லாகப் போட்டிருந்தால் அந்த 36,000 ரூபாயை ஏப்ரல் 20-லேயே நாங்கள் கட்டியிருக்க வேண்டும். அந்த ஒரு மாத அவகாசத்தில் பதினைந்து நாளை அவருக்குக் கொடுத்தோம்.

ஒன்று சொல்லிவிடுகிறேன். ஏப்ரலில் மார்ச்சைப் பற்றிப் பேசுகிற எல்லா பில்லும் தப்பு இல்லை. மார்ச்சில் சர்வீஸ் வேலை முடித்திருந்தால் பொதுவாக முப்பது நாளுக்குள் பில் போடலாம். தேதி ஏப்ரல் என்றே போட்டு, விவரத்தில் மார்ச் மாத வேலை என்று எழுதினால் போதும், அவர் மார்ச் செலவாகவே கணக்கில் ஏற்றிக்கொள்ளலாம். சரக்கு மார்ச்சிலேயே போய், பில் போடாமல் விட்டுப் போயிருந்தால் அது வேறு கதை. அப்போதும் பில் போடுகிற தேதியைத்தான் போட வேண்டும், ஆனால் வரி மார்ச்சுக்குச் சேரும், தாமதத்துக்கு 18 சதவீத வட்டியும் உண்டு.

அவர் மே 19-ம் தேதி பணம் அனுப்பினார். ஜூன் மாதம் ஒரு பெஞ்ச் வைஸ் வாங்க நேரிலேயே வந்தார். பில்லைக் கையில் வாங்கி, தேதியை ஒரு தடவை பார்த்து, என்னையும் ஒரு தடவை பார்த்துவிட்டு, மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.