இரண்டு பொன்னுருவிகள்

செய்யாற்றுக்குத் தெற்கே இருந்த எங்கள் ஊரில் கர்ண மோட்சம் கூத்து இரண்டு காரணங்களுக்காக நடக்கும். திரௌபதி அம்மன் கோயிலில் பாரதம் வைத்தால் கடைசி ராத்திரிகளில் ஒன்று அதற்குரியது. வீட்டில் மூத்தவர் யாராவது செத்து, பிள்ளைகள் கையில் கொஞ்சம் காசும் இருந்துவிட்டால் கருமாதி ராத்திரியிலும் அதே கூத்தை வைப்பார்கள். கர்ணன் போன வழியில் செத்தவரும் போய்ச் சேர்வார் என்று ஒரு நம்பிக்கை. நான் ஐந்தாவது படித்த வருஷம் இரண்டும் நடந்தன. சித்திரையில் கோயிலில் ஒரு ஜமா ஆடியது. ஆவணியில் தாத்தாவின் கருமாதிக்கு வேறொரு ஜமா வந்தது.

பெரியப்பாவிடம் கர்ண மோட்சம் புத்தகம் இருந்தது. நளவெண்பா பாடிய புகழேந்திப் புலவர் பெயரைப் போட்டு அச்சடித்த புத்தகம். அல்லியரசானி மாலை, பவளக்கொடி மாலை எல்லாவற்றையும் அந்த மனிதர் தலையிலேயே கட்டியிருக்கிறார்கள், இதையும் கட்டிவிட்டார்கள். பெரியப்பா இளவயதில் ஜமாவில் பின்பாட்டுப் பாடியவர் என்பதால் கூத்து நடக்கும்போது புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு, பாட்டு பிசகினால் இருமுவார். விருத்தத்திலும் தருவிலும் யாரும் கைவைக்கக் கூடாது. நடுவில் வரும் வசனம் ஆடுகிறவன் பாடு. சித்திரையிலும் ஆவணியிலும் அவர் அநேகமாக இருமவே இல்லை. ஆனாலும் நான் பார்த்தது இரண்டு வேறு கதைகள்.

எல்லாம் பொன்னுருவி வரும் இடத்தில் பிரிந்தது. வியாசர் பாரதத்தில் இல்லாத பெண் இவள், கர்ணனின் மனைவி. மறுநாள் போருக்குப் போகிறவன் ராத்திரி விடைபெற வருகிறான். தேரோட்டி வளர்த்த பிள்ளை, பிறப்புத் தெரியாதவன் என்று அவள் அவனை ஏசுகிறாள். கடைசியில் தான் குந்தியின் மூத்த மகன் என்று அவன் சொல்கிறான். அவள் மனம் உடைந்து, போருக்குப் போகாதே என்று தடுக்கிறாள். புத்தகம் இவ்வளவுதான் தருகிறது.

கோயில் ஜமாவில் பொன்னுருவி திரையை விலக்கி வரும்போதே கட்டியங்காரன் அவளோடு ஒட்டிக்கொண்டான். அவள் ஒரு வசவு விட்டால் அவன் அதைத் திருப்பிச் சொல்லிக் கூட்டத்தைச் சிரிக்கவைப்பான். ஏசல் தருவைத் துரித காலத்தில் எடுத்தார்கள், முகவீணை அவள் பேச்சைக் கேலி செய்வதுபோல் இழுத்துக்கொண்டு போனது. அடங்காத பெண்டாட்டி, அப்பாவிப் புருஷன். பெட்ரோமாக்ஸ் வெளிச்சத்துக்குள் உட்கார்ந்திருந்த நாங்கள் எல்லோரும் சிரித்தோம். வெளிச்சம் முடிகிற இடத்தில், பனைமரத்தடியில் நின்று பார்த்துக்கொண்டிருந்த காலனி ஆட்கள் பிறப்பைச் சொல்லி ஏசும் வரிகளுக்குச் சிரிக்கவில்லை. கர்ணன் கிறுகிறுவென்று கிறிக்கி அடித்து நின்று “நான் குந்தி மகனடி” என்று சொன்னபோது ஊரே கைதட்டியது. அடுத்த தாளத்தில் அவள் காலில் விழுந்தாள். சிவாஜி படத்தைப் பார்த்திருந்த ஆயாவுக்கு மட்டும் திருப்தியில்லை. “தேவிகா எப்பிடி இருந்தா, இவ என்னடா கண்ணு இப்பிடி வாயாடறா” என்றாள். 1964இல் வந்த ‘கர்ணன்’ படத்தில் மனைவியின் பெயரே வேறு, சுபாங்கி. குணமும் வேறு.

கருமாதி ஜமா சின்னது. வாசலில் தென்னை ஓலைப் பந்தல், மூன்று பக்கமும் சொந்தபந்தம். இங்கே கட்டியங்காரன் பொன்னுருவி வந்ததும் பெட்டிக்காரர் பக்கத்தில் போய் உட்கார்ந்துவிட்டான். முகவீணை நின்று ஆர்மோனியம் மட்டும் ஒலித்தது. அதே ஏசல் தரு, அதே சொற்கள், ஆனால் காலத்தைப் பாதியாக்கி, கர்ணனுக்கு முதுகைக் காட்டியபடி பாடினாள். சித்திரையில் திமிராகக் கேட்டது இங்கே வருஷக்கணக்கில் தெருவில் பேச்சு வாங்கிய பெண்ணின் குமுறலாகக் கேட்டது. கர்ணன் தன் பிறப்பைச் சொன்னான், கிறிக்கி இல்லை, பெஞ்சில் உட்கார்ந்தபடியே சொன்னான். அவள் விழவில்லை. திரும்பி அவனைப் பார்த்துக் கேட்டாள்: “அப்ப இத்தினி வருசமும் நான் பேசறதெல்லாம் பேசட்டும்னு பாத்துக்கினு இருந்தீங்களா?”

புத்தகத்தில் இல்லாத வசனம் அது. அதற்குப் பிறகுதான் புத்தகத்தில் உள்ள புலம்பல் தருவை எடுத்தாள், ஒரு சொல் மாற்றாமல். ஆனால் அந்தக் கேள்வியைக் கேட்டுவிட்டு அழுகிற அழுகையில் மன்னிப்பு மட்டும் இல்லை, குற்றச்சாட்டும் இருந்தது. எங்கள் அத்தைமார்கள் ஓரமாக ஒப்பாரியே எடுத்துவிட்டார்கள்.

போர்க் காட்சியில் கோயில் ஜமாவுக்கு ஈடு கிடையாது. அருச்சுனனும் கர்ணனும் விடிகாலைவரை அடவு போட்டு மண்ணைக் கிளப்பினார்கள். கருமாதி ஜமா அதைச் சட்டென்று முடித்தது, ஆள் பலம் இல்லை.

மோட்சத்தில் மறுபடியும் பிரிந்தார்கள். கிழப் பார்ப்பனராகக் கண்ணன் வந்து, செய்த புண்ணியத்தையெல்லாம் கேட்டு வாங்குகிற இடம். கோயிலில் கற்பூரம் ஏற்றினார்கள், கண்ணன் பெஞ்சின்மேல் ஏறித் திரையை விரித்துப் பெரிய உருவம் காட்ட, கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொண்டது. அங்கே கண்ணன் கர்ணனுக்குக் கதவு திறக்க வந்தவன். கருமாதி வீட்டில், இத்தனை நேரம் பேசாமலிருந்த கட்டியங்காரன் அப்போதுதான் எழுந்தான். “சாமி, கேக்கறதுக்கு அடிபட்டுக் கெடக்கறவன்தான் கெடைச்சானா?” என்றான். பொன்னுருவிக்குக் கொடுக்காத சிரிப்பைச் சாமியின்மேல் திருப்பிவிட்டான். எங்கள் சித்தப்பா எழுந்து, “மோட்சம் குடுக்க வந்தவர கிண்டல் பண்ணலாமா வாத்தியாரே?” என்றார். தாளம் போட்டுக்கொண்டிருந்த வாத்தியார் கையை நிறுத்தாமல், “பாட்டுல எதுனா மாத்தினமாங்க?” என்று கேட்டார். பெரியப்பா புத்தகத்தைப் பார்த்துவிட்டு இல்லை என்று தலையாட்டினார்.

பிறகு குந்தி வந்தாள், மகனை மடியில் போட்டுக்கொண்டு அழ. ஆள் குறைவு என்பதால் பொன்னுருவி கட்டியவரே வெள்ளைச் சேலையைச் சுற்றிக்கொண்டு வந்திருந்தார். வாத்தியார் இதை யோசித்துச் செய்திருப்பார் என்று நான் சொல்லமாட்டேன், ஒரு வேஷக்காரரின் கூலி மிச்சம், அவ்வளவுதான். ஆனால் “ஏன் சொல்லவில்லை” என்று கேட்ட முகமே இப்போது சொல்லாமல் விட்டவளின் முகமாக இருந்தது. கோயிலில் குந்தியாக வந்தவன் மீசை முளைக்காத ஒரு பையன். அழகாகப் பாடினான், எனக்கு ஒன்றும் தோன்றவில்லை.

பல வருஷம் கழித்துப் புத்தகத்தை நானே படித்தபோது கருமாதி ஜமாதான் அதற்குக் கிட்டத்தில் நின்றது என்று பட்டது. கர்ணனின் கொடையை மட்டும் காட்டுவதென்றால் போருக்கு முன்னால் பொன்னுருவியைக் கொண்டுவந்து அவ்வளவு நேரம் பேசவிட வேண்டியதில்லை. சல்லியன் பாதியில் தேரைவிட்டு இறங்குவதிலும் குந்தி கடைசியில் வாய்திறப்பதிலும் பிறப்பின் பேச்சுதான் ஓடுகிறது. கோயில் ஜமா அந்தப் பேச்சைத் தமாஷாக்கித் தள்ளிவிட்டுக் கொடைக்குப் போனது. மறுபக்கமும் உண்டு. கருமாதி ஜமாவின் கர்ணன் புண்ணியத்தைக் கொடுத்தபோது எனக்குக் கைகூப்பத் தோன்றவில்லை, இவனிடமிருந்து எல்லோரும் பிடுங்குகிறார்களே என்று கோபம்தான் வந்தது. நாடகத்தின் பெயரில் உள்ள மோட்சம் அங்கே கொஞ்சம் தேய்ந்துதான் போயிற்று. சித்தப்பாவின் வருத்தத்தில் நியாயம் இருந்தது.

வடதமிழ்நாட்டில் இந்தக் கூத்தை இன்றும் ஆடுகிறார்கள், கருமாதிக்கும் ஆடுகிறார்கள். பார்க்கப் போகிறவர்கள் போருக்கு எழுந்துகொள்ளலாம் என்று முன்னிரவில் தலையைச் சாய்த்துவிட வேண்டாம். பொன்னுருவி வரும்போது கட்டியங்காரன் எங்கே நிற்கிறான் என்று பாருங்கள். அந்த ஜமா விடியும்வரை எந்தக் கதையைச் சொல்லப்போகிறது என்பது அங்கேயே தெரிந்துவிடும்.