விளிம்புகள் முனைகளாகும்போது

மொழியியலில் முதுகலை பயின்ற எனக்குக் கோட்டுருவியலோடு நேரடி உறவு ஏற்பட்டது ஓர் ஒலிப்பதிவு அட்டவணையின் வழியாகத்தான். முன்னோட்டமாக ஐந்து பேச்சாளர்கள். அவர்களை க, ச, ட, த, ப என்று கொள்வோம். ஒவ்வொருவரும் மற்ற நால்வரோடும் ஒருமுறை தனித்து உரையாட வேண்டும். ஆக, பத்து அமர்வுகள். ஒருவர் ஒரே வேளையில் இரண்டு அமர்வுகளில் இருக்க இயலாது. எத்தனை வேளைகள் தேவை?

பேச்சாளர்களை முனைகளாகவும் அமர்வுகளை விளிம்புகளாகவும் வரைந்தால், இது விளிம்புகளுக்கு நிறமிடும் வினா. ஒரு முனையில் கூடும் விளிம்புகள் ஒரே நிறம் பெறலாகாது. இதையே மாற்றியும் வரையலாம். ஒவ்வோர் அமர்வையும் ஒரு முனையாக்கி, பொதுவான பேச்சாளரைக் கொண்ட இரண்டு அமர்வுகளை ஒரு கோட்டால் இணைத்தால் கிடைப்பது மூலக் கோட்டுருவின் லைன் கிராஃப். விளிம்புக்கு நிறமிடுவது இங்கே முனைக்கு நிறமிடுவதாகிறது. க–ச அமர்வு, க-வின் பிற மூன்று அமர்வுகளோடும் ச-வின் பிற மூன்றோடும் மோதுவதால் அதிலிருந்து ஆறு கோடுகள் செல்லும். பத்து முனைகளுக்கும் இதே நிலை என்பதால் மொத்தம் முப்பது கோடுகள்.

ஒருவருக்கு நான்கு அமர்வுகள் என்பதால் நான்கு வேளைகள் போதும் என்று தோன்றும். போதாது. ஐவரில் ஒரு வேளைக்கு இரண்டு இணைகளே அமர முடியும். ஒருவர் எப்போதும் ஓய்ந்திருப்பார். ஆகவே பத்து அமர்வுகளுக்கு ஐந்து வேளைகள். முதல் வேளையில் க ஓய்ந்திருக்க, ச–ப, ட–த. அடுத்ததில் ச ஓய்ந்திருக்க, க–ட, த–ப. இப்படியே ஐவரையும் வட்டமாக அமர்த்திச் சுற்றினால் அட்டவணை நிறைவுறும். ஒரே இணை இருமுறை சந்திக்காதவரை, மிகுதியான அமர்வுகள் உடையவரின் எண்ணிக்கையோ அதற்கு ஒன்று கூடுதலோ போதும் என்று 1964-இல் விசிங் நிறுவினார். பொதுவான கோட்டுருக்களின் முனைகளுக்கு நிறமிடும்போது இத்தகைய உறுதி எதுவும் இல்லை. வினா முனைகளுக்கு இடம்பெயர்ந்தாலும் பழைய வீட்டின் சலுகை உடன்வருகிறது.

அந்தச் சலுகையின் காரணத்தில் ஒரு பகுதியைக் கண்ணால் காணலாம். ஓர் அமர்வோடு மூன்று அமர்வுகள் மோதுகின்றன என்க. அதில் இருப்பவர் இருவரே; எனவே அம்மூன்றில் இரண்டேனும் ஒரே நபரின் பொருட்டு மோதுகின்றன, அதாவது தமக்குள்ளும் மோதுகின்றன. தமக்குள் மோதாத மூன்றோடு ஒன்று மோதும் 'நகம்' என்ற வடிவம் லைன் கிராஃபில் தோன்றவே முடியாது. ஒரே வேளையில் நடத்தக்கூடிய மிகப் பெரிய அமர்வுத் தொகுதியைக் காண்பது பொதுவான முரண் வரைபடத்தில் கடினமான கணக்கு. லைன் கிராஃபிலோ அது இணைசேர்ப்பு வினா. அதற்கு 1965-இல் எட்மண்ட்ஸ் திறமான வழி கண்டார். நகம் இல்லாமை ஒன்றே அதற்குப் போதும் என்பதை 1980-இல் மிண்ட்டியும் ஸ்பிஹியும் தனித்தனியே காட்டினர்.

களத்தில் எங்களுக்கு நகம் தென்பட்டது. முரண்களின் பட்டியலில் ஓர் அமர்வு, தமக்குள் தொடர்பற்ற மூன்றோடு மோதியது. அப்படியானால் அந்த அமர்வில் மூன்றாவதாக ஏதோ ஒன்று பங்கிடப்படுகிறது என்று பொருள். அது மொழிபெயர்ப்பாளர். மூவர் கூடும் அமர்வுகள் வந்துவிட்டால் விசிங்கும் எட்மண்ட்ஸும் கைகொடுக்கமாட்டார்கள். நகம் இல்லை என்பதாலேயே ஒரு பட்டியலை லைன் கிராஃப் என்று கொள்ளவும் கூடாது. பைனெக்கே காட்டிய ஒன்பது விலக்கு வடிவங்களில் நகம் ஒன்று மட்டுமே.

என்னை அதிகம் உறுத்தியது வேறொன்று. பெயர்களை அகற்றி, எந்த அமர்வு எதனோடு மோதியது என்பதை மட்டும் தரவோடு வெளியிடலாம் என்று குழுவில் பேச்சு வந்தது. மூன்று அமர்வுகள் ஒன்றோடொன்று மோதினால், ஒருவர் மூவரோடு பேசினாரா, மூவர் தமக்குள் பேசினரா என்று சொல்ல இயலாதுதான். ஆனால் இணைந்த கோட்டுருக்களில் அந்த ஒன்றைத் தவிர வேறு மயக்கமே இல்லை என்பது 1932-இல் ஹாஸ்லர் விட்னி நிறுவிய தேற்றம். பட்டியலிலிருந்து மூலக் கோட்டுருவை விரைவாக மீட்கும் வழிமுறையும் 1973 முதல் உண்டு. ஐவரும் ஐவரோடும் பேசிய முன்னோட்டத்தில் எல்லா முனைகளும் ஒன்றுபோல இருப்பதால் எதுவும் வெளிப்படாது. இரண்டாம் கட்டம் அப்படியன்று. மாமனாரும் மருமகளும் நேருக்கு நேர் பேசாத ஊர் அது. மீட்ட படத்தில் இல்லாத ஒரு கோடு எந்த வீட்டுக்குரியது என்பதை அவ்வூரார் ஒரு பார்வையில் சொல்லிவிடுவர். ஆகவே இரண்டாம் கட்டத் தரவில் அமர்வு எண்ணும் கால அளவும் மட்டுமே இருக்கும். மோதல் பட்டியல் இராது.