நாற்பது நிமிடப் பேச்சுக்கு எத்தனை மணி நேரம்?

பூம்பாறையில் மலைப்பூண்டு பயிரிடும் ஒரு பெரியவரின் பேட்டி வந்திருந்தது. ஓடும் நேரம் 40 நிமிடம். "எப்ப முடிச்சுத் தருவ?" என்று அக்கா கேட்டார். கொடைக்கானலில் மலைக் கிராமத்துப் பேச்சுகளைக் கேட்டு எழுத்தாக்கும் வேலையை அவரிடம்தான் கற்றுவருகிறேன். அந்தக் கேள்விக்கு உடனே பதில் சொல்லக் கூடாது, முதலில் பதிவை மூன்று இடங்களில் தொட்டுப் பார்க்க வேண்டும் என்பது அவர் கொடுத்த முதல் பாடம்.

பதிவின் தொடக்கத்தை மட்டும் கேட்டால் கணக்கு தப்பிவிடும். எந்தப் பேட்டியிலும் முதல் சில நிமிடங்கள் பேர், ஊர், வயசு என்று நிதானமாகப் போகும். பேச்சு சூடுபிடிப்பதே அதற்குப் பிறகுதான். அதனால் 5ஆவது நிமிடத்தில் ஒன்று, நடுவில் ஒன்று, கடைசிப் பகுதியில் ஒன்று என இரண்டிரண்டு நிமிடத் துண்டுகளை எடுத்து, கைக்கடிகாரத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு உண்மையாகவே தட்டச்சு செய்து பார்த்தேன்.

முதல் துண்டு 9 நிமிடம் எடுத்தது. அதாவது ஒரு நிமிடப் பேச்சுக்கு நாலரை நிமிடம். நடுத் துண்டில் மருமகளும் பேச்சில் சேர்ந்துகொள்கிறார். ஒருவர் முடிக்கும் முன் மற்றவர் தொடங்குகிறார். யார் சொன்னது என்று பிரிக்கவே திரும்பத் திரும்பக் கேட்க வேண்டியிருந்ததால், நிமிடத்துக்கு 8 ஆனது. மூன்றாவதில் தகரக் கூரைமேல் மழை. அது 10.

பிறகு பதிவை வேகமாக ஓட்டி, எந்த வகை எவ்வளவு இருக்கிறது என்று குறித்தோம். தெளிவான பேச்சு 24 நிமிடம், இருவர் பேசுவது 10, மழை 6. நாலரையால் பெருக்கினால் 108, எட்டால் 80, பத்தால் 60. கூட்டினால் 248 நிமிடம், நான்கு மணி நேரத்துக்குச் சற்று மேல்.

இதில் தட்டச்சு வேகத்தின் பங்கு எவ்வளவு என்று பார்த்தபோதுதான் எனக்கு வியப்பு. பெரியவர் நிமிடத்துக்கு ஏறக்குறைய 90 சொல் பேசுகிறார். நாற்பது நிமிடத்துக்கு 3,600 சொல். என் வேகம் நிமிடத்துக்கு 30 சொல் என்பதால், நிறுத்தாமல் அடித்தால் 120 நிமிடம். மீதி 128 நிமிடம் விரல் வேலை இல்லை. நிறுத்துவது, பின்னால் ஓட்டுவது, மறுபடி கேட்பது, யோசிப்பது. என் வேகம் 45 சொல்லாக உயர்ந்தால் 120 என்பது 80 ஆகும். ஒன்றரை மடங்கு வேகம் கூடியும் மிச்சம் 40 நிமிடம்தான். ஆனால் நிமிடத்துக்கு 15 சொல் மட்டுமே அடிக்கிறவருக்குத் தட்டச்சே 240 நிமிடம் ஆகிவிடும். அவர் வேகத்தைக் கூட்டினால் பலன் பெரிது. தமிழ்99 விசைப்பலகையைப் பார்க்காமல் அடிக்கப் பழகும் வரை அக்கா என்னிடம் பேட்டிகளையே தராததற்குக் காரணம் அதுதான்.

நிறுத்தும் நேரத்தைக் குறைக்கக் கை விசைப்பலகையை விட்டு நகரக் கூடாது. ஒலியும் எழுத்தும் ஒரே திரையில் இருக்கும் oTranscribe போன்ற கருவியில் Esc அழுத்தினால் நிற்கும், F1 அழுத்தினால் பின்னால் போகும். எலியைத் தேடிப் போகிற ஒவ்வொரு முறையும் சில விநாடி கரையும். ஒரு பேட்டியில் நூற்றுக்கணக்கான முறை நிறுத்துகிறோம் அல்லவா?

அடித்து முடித்தாலும் வேலை முடியவில்லை. எழுதியதைக் கண்ணால் தொடர்ந்தபடி முழுப் பதிவையும் இன்னொரு முறை கேட்க வேண்டும். இதற்குப் பதிவின் நீளத்தில் ஒன்றரை மடங்கு, அதாவது 60 நிமிடம் வைக்கிறோம். பெயர்களைச் சரிபார்க்கத் தனியாக அரை மணி நேரம். இந்த மலையில் அந்த அரை மணியை வெட்டவே முடியாது. பூண்டி என்று ஓர் ஊரே இருக்கிறது. "பூண்டிலேருந்து வந்தது" என்று காதில் விழுந்தால் அது பயிரா, ஊரா என்று முன்பின் கேட்டுத்தான் முடிவு செய்ய வேண்டும். "சிங்கப்பூர் போட்டோம்" என்றால் அது இங்கே பயிரிடும் ஒரு பூண்டு ரகம். கவுஞ்சி, கூக்கால், கிளாவரை என்ற ஊர்ப் பெயர்களை முன்பே ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டால் பாதித் தேடல் குறையும்.

ஆக மொத்தம் 338 நிமிடம், ஐந்தே முக்கால் மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவு. ஒரே மூச்சில் உட்கார முடியாது. மூன்றாவது மணி நேரத்தில் காது சோர்ந்து, கேட்காத சொல்லைக் கேட்டதாக எழுதத் தொடங்கிவிடும். அதனால் அக்காவிடம், "இரண்டு நாள், ஆறு மணி நேர வேலைக்கா" என்றேன். தலையாட்டிவிட்டு, மழைக் கணக்கை மட்டும் தனியாகக் கேட்டார். அந்த 6 நிமிடமும் தெளிவாக இருந்திருந்தால் 60க்குப் பதில் 27 நிமிடத்தில் முடிந்திருக்கும்; மிச்சம் 33 நிமிடம், நான் ஒன்றரை மடங்கு வேகமாக அடித்தால் கிடைப்பதற்குக் கிட்டத்தட்ட சமம். பேட்டி எடுத்தவருக்கு அவர் உடனே போன் செய்தார்: "தம்பி, அடுத்த தடவை மழை வந்தா ரெக்கார்டரை நிறுத்திடுங்க. மழை விட்டதும் பேசச் சொல்லுங்க."