தொங்கினால் உயரம் கூடுமா?

பெரிய முதலியார்சாவடியில் எங்கள் தெருப் பையன் ஒருவன், வயது இருபது, சவுக்குத் தோப்பில் குறுக்குக் கழி கட்டி மூன்று மாதமாகத் தினமும் தொங்கிக்கொண்டிருந்தான். இரண்டாம் நிலைக் காவலர் தேர்வுக்குப் போக ஆசை. ஆண்களுக்கு 170 செ.மீ. உயரம் வேண்டும் (பட்டியலினத்தவருக்கும் பழங்குடியினருக்கும் 167). அவனுக்குக் கொஞ்சம் குறைகிறது.

"தாத்தா, காலையில அளந்தா கூடியிருக்கு, வேலை முடிச்சிட்டு வந்து அளந்தா குறைஞ்சிடுது. டேப் தப்பா?" என்றான்.

டேப் சரிதான். என் வீட்டுச் சுவரில் குதிகால், பின்தலை ஒட்ட நிற்கவைத்து, தலைமேல் அட்டையை மட்டமாக வைத்து அளந்தேன். காலை ஆறு மணிக்கு 169.4. உப்பளத்தில் மூட்டை தூக்கிவிட்டு வந்த மாலையில் 168.2. பத்து நிமிடம் தொங்கியதும் 168.7. சாப்பிட்டுவிட்டு உலாவி வந்தபின் மறுபடி 168.2.

முதுகெலும்புக் கணுக்களுக்கு இடையில் மெத்தை போன்ற வட்டுகள் இருக்கின்றன. பகலெல்லாம் உடம்பின் பாரத்தில் அவற்றிலுள்ள நீர் கொஞ்சம் பிதுங்கி வெளியேறும். இரவு படுத்ததும் திரும்ப ஊறும். தொங்குவதும் இதைத்தான் செய்கிறது. எலும்பு நீளவில்லை.

எலும்பு நீள்வது வேறு இடத்தில். கை, கால் எலும்புகளின் முனைக்கருகே குருத்தெலும்பாலான வளர்ச்சித் தட்டு இருக்கிறது. அங்கே புதுக் குருத்து உண்டாகி எலும்பாக மாறும்வரைதான் வளர்த்தி. பருவம் வந்தபின் ஈஸ்ட்ரோஜன் சுரப்பு (ஆண் பிள்ளைகளுக்கும் அதுதான்!) அந்தத் தட்டை மெல்ல மூடிவிடும். பெண்களுக்குப் பெரும்பாலும் 14, 15 வயதில். ஆண்களுக்கு 16 முதல் 18க்குள். சிலருக்குச் சற்றுத் தாமதமாகும்.

பாண்டிச்சேரியில் ஒரு மருத்துவர் அவன் மணிக்கட்டை எக்ஸ்ரே எடுத்துக் காட்டினார். தட்டு திறந்திருந்தால் எலும்பு முனைக்குக் கீழே கறுப்பாக ஓர் இடைவெளி தெரியுமாம். இவனுக்கு அது இல்லை. மெல்லிய வெள்ளைக் கோட்டின் தழும்பு மட்டும். இனி எந்தப் பவுடரும் நீட்டாது.

"பேஸ்கட்பால் ஆடுறவங்க எல்லாம் உயரமா இருக்காங்களே?" என்றான். உயரமானவர்களைத்தான் அணியில் சேர்க்கிறார்கள், அப்பா! பளு தூக்குபவர்கள் குட்டையாக இருப்பதும் அப்படித்தான்.

முகம் வாடிப்போனது. உயர அளவு கேட்காத அரசு வேலைகளுக்குப் படிக்கச் சொன்னேன். விண்ணப்பம் போட்டிருக்கிறான்.

அவன் தம்பிக்கு ஒன்பது வயது. அவனை அளப்பதில்தான் பயன். அந்த வயதில் வருஷத்துக்கு ஐந்து செ.மீ. அளவில் வளர வேண்டும். நாலுக்கும் குறைந்தால் குழந்தை மருத்துவரிடம் காட்டலாம், தைராய்டு போன்ற காரணமிருந்தால் தட்டு திறந்திருக்கும்போதே மருந்து உதவும். பொங்கலன்று சுவரில் பென்சிலால் கோடு போட்டேன், 126.5. ஆடி பிறந்ததும் அதே காலை நேரத்தில் அளந்தேன், 129.2.