துண்டுக்குள்ள நடக்கற பேரத்தை எழுதறது எப்படி

போன வாரம் அக்கா மகன் ஒரு கதை எழுதிட்டு வந்து படிச்சுக் காட்டினான். அதுல ஒரு மாட்டுப் பேரம். "நாலாயிரம்"ங்கறார் ஒருத்தர், "மூவாயிரம்"ங்கறார் இன்னொருத்தர், ஏழெட்டு வரி போனதும் "சரி"ங்கறாங்க. கணக்கெல்லாம் சரியா இருந்துச்சு. ஆனா யாரு ஏன் இறங்கினாங்கன்னு எனக்குத் தெரியல. அவனுக்குச் சொன்னதைத்தான் இங்கயும் எழுதறேன்.

பேரத்துல விலை முதல்ல மாறாது. முதல்ல மாறறது, யாரு எழுந்து போக முடியும்ங்கறது. விக்க வந்தவர் மாட்டைத் திருப்பி ஓட்டிட்டுப் போக முடியும்னா அவர் கை மேல. வாங்க வந்தவர் வேற மாட்டைப் பாத்துக்க முடியும்னா அவர் கை மேல. இந்த நிலை மாறின பிறகுதான் விலை மாறும். அதனால ரெண்டு விலைக்கு நடுவுல ஒரு சின்ன அசைவு வேணும். அது எதிராளிக்கு ஏதோ ஒண்ணைக் காட்டிக் கொடுக்கணும், இல்லைன்னா அவர் நம்பிட்டிருந்த ஒண்ணைப் பொய்யாக்கணும்.

எழுத உக்காரறதுக்கு முந்தி ஒரு தாள்ல ஒவ்வொருத்தருக்கும் மூணு விஷயம் குறிச்சு வெச்சுக்கணும். இதுக்குக் கீழ, அல்லது மேல, போக முடியாதுங்கற தொகை. மறைச்சு வெச்சிருக்கிற விஷயம். எத்தனை நேரம் காத்திருக்க முடியும்ங்கறது. பேரம் முடியற வரைக்கும் இந்த மூணையும் யாரும் வாயால சொல்லக் கூடாது. கை, கண்ணு, பை, கயிறு இதுகதான் சொல்லணும்.

எனக்கு நல்லாத் தெரிஞ்ச ஒரு பேரத்தையே எடுத்துக்கறேன். சித்திரை மாசம் கண்ணபுரம் மாரியம்மன் தேரை ஒட்டிக் கூடற மாட்டுச் சந்தை. எங்க அப்புச்சி ஒரு காங்கேயம் பசுவையும் அதோட கன்னையும் விக்க ஓட்டிட்டுப் போனார். அம்மாயி ஆஸ்பத்திரியில இருந்தாங்க. சாயங்காலத்துக்குள்ள 3,000 ரூபாய் கட்டியாகணும். தரகும் பஸ் செலவும் சேத்து 3,200-க்குக் கீழ விட முடியாது. பணம் கட்டற சீட்டு அவர் சட்டைப் பையில. நான் பக்கத்துல கன்னைப் பிடிச்சிட்டு நின்னேன்.

எங்க பக்கத்துச் சந்தையில விலையை வாய்ல சொல்ல மாட்டாங்க. தரகர் தன் துண்டைக் கை மேல போட்டு, அதுக்குள்ள எதிராளி விரலைப் பிடிப்பார். அன்னைக்கு முதல் பிடி ஆயிரம், ரெண்டாவது பிடி நூறு. நாலு விரலைப் பிடிச்சு அப்புறம் ரெண்டு விரலைப் பிடிச்சா 4,200. சுத்தி நிக்கற யாருக்கும் விலை தெரியாது. வாங்கறவர் கையும் விக்கறவர் கையும் நேரா சேராது, தரகர் வழியாத்தான் போகும். அதனால இங்க மூணு பேர் இருக்காங்கன்னு கதை எழுதறவங்க மறக்கக் கூடாது. ரெண்டு பக்கத்துக் கையும் தெரிஞ்ச ஒரே ஆள் தரகர்தான்.

அப்புச்சி கேட்டது 4,200. மாடு ரெண்டாவது ஈத்துன்னு தரகர் சொன்னார். வாங்க வந்தவர் பதில் பேசல. மாட்டு வாயைப் பிளந்து பல்லைப் பாத்தார். எட்டுப் பல்லும் சேர்ந்திருந்துச்சு. பல்லு சேர்ந்த பிறகு அது வயசைச் சொல்லாது, அதுக்கப்புறம் கொம்புதான். பசு ஒவ்வொரு ஈத்துக்கும் கொம்படியில ஒரு வளையம் போடும். அவர் கட்டை விரலால கொம்பை மேலேருந்து கீழ தடவிட்டு வந்து, மூணாவது வளையத்துல விரலை நிறுத்தினார். எடுக்கல. தரகரைப் பாத்தார், அவ்வளவுதான். "ரெண்டாவது"ங்கற பேச்சு அங்கயே செத்துப் போச்சு. துண்டுக்குள்ள வந்த விலை 3,100.

அப்புச்சி மறுத்துப் பேசல. வந்தவர் கண்ணு மடியைப் பாத்துச்சுன்னு கவனிச்சார். மடி நல்லா நிறைஞ்சிருந்துச்சு. சந்தையில நிறைஞ்ச மடியைப் பாத்தா சந்தேகம்தான் வரும். காலையில கறக்காம, கன்னையும் விடாம ஓட்டிட்டு வந்து, மடியைப் பெருசாக் காட்டற வேலை நடக்கும். அப்புச்சி என் கை மேல லேசாத் தட்டினார். நான் கன்னை விட்டேன். ராத்திரியிலிருந்து பால் காணாத கன்னா இருந்தா பாஞ்சு போய் மடியை முட்டி முட்டிக் குடிக்கும். எங்க கன்னு ரெண்டு வாய் சப்பிட்டு, விட்டுட்டு, கீழ கிடந்த தட்டை மோந்து பாக்கப் போயிருச்சு. காலையில அது வயிறு நிறையக் குடிச்சிருக்கு, அப்படியும் மடி இப்படி இருக்குதுன்னு அதுக்கு அர்த்தம். கொம்பைப் பிடிச்சிருந்த கை கீழ இறங்கிருச்சு. அடுத்த விலை 3,300.

இப்ப அப்புச்சி கை மேல. நியாயமா விலை இன்னும் ஏறியிருக்கணும். ஆனா அவர் கை தானாச் சட்டைப் பைக்குப் போயிருச்சு. சீட்டு இருக்குதான்னு தொட்டுப் பாத்தார். கொஞ்ச நேரத்துல மறுபடியும் தொட்டார். முதல் தடவை யாரும் பாக்கல. ரெண்டாவது தடவை தரகர் பாத்துட்டார்.

"ஏனுங் பெரியவரே, பஸ்ஸுக்கு நேரமாச்சுங்களா?"

"பஸ் கிடக்குதுங்க"ன்னு சொல்லிட்டே அப்புச்சி அண்ணாந்து வெயிலைப் பாத்தார். வாய் ஒண்ணு சொல்லுச்சு, கண்ணு வேற சொல்லுச்சு. வாங்க வந்தவர் திரும்பி நின்னு எதிர் வரிசையில ஒரு சோடி எருதைப் பாக்க ஆரம்பிச்சுட்டார். தரகர் துண்டை நீட்டினப்ப, திரும்பாமயே கையைக் கொடுத்தார். மறுபடியும் அதே 3,300.

இந்த இடத்துல என் அக்கா மகன் கதையா இருந்தா அப்புச்சி இறங்கியிருப்பார். அன்னைக்கு நடந்தது வேற. எருதைப் பாத்துட்டிருந்தவர் வெத்தலை எடுக்க மஞ்சப்பைக்குள்ள கையை விட்டார். வெத்தலையோட ஒரு கயித்து நுனியும் வெளிய வந்துச்சு. வெள்ளை வெளேர்னு புதுக் கயிறு, முடிச்சுக் கூடப் போடாதது. எங்க பக்கத்துல மாட்டைத்தான் விப்பாங்க, கயித்தைக் கொடுக்க மாட்டாங்க. வாங்கறவர் புதுக் கயிறு கொண்டாந்து மாத்திக்கணும். சும்மா விலை விசாரிக்க வந்தவர் பையில புதுக் கயிறு இருக்காது. ஒத்தைக் கயிறு வெச்சிருக்கிறவர் சோடி எருதும் வாங்கப் போறதில்ல. அவர் வேகமா உள்ள தள்ளினார். அந்த வேகம்தான் அவரைக் காட்டிக் கொடுத்துச்சு.

அப்புச்சி ஒண்ணும் சொல்லல. துண்டை உதறி மாட்டு நிழல்ல விரிச்சு உக்காந்தார். இடுப்புப் பையை அவுத்து, பாக்கை எடுத்து, நிதானமா வெட்ட ஆரம்பிச்சார். மூணு மணி பஸ்ஸுக்குப் போக வேண்டிய மனுசன், பொழுது சாயற வரைக்கும் இருக்கப் போற மாதிரி உக்காந்தார். நின்னுட்டிருந்தவங்க ரெண்டு பேரும் இப்ப குனிஞ்சுதான் அவர்கிட்டப் பேசணும். தரகர் குத்துக்காலிட்டு உக்காந்து துண்டை மூடினார். மூணு விரல், அப்புறம் முழுக் கை. 3,500.

அப்புச்சி கையை உடனே எடுக்கல. நான் பாத்தது அதை மட்டும்தான். துண்டுக்கு வெளிய அவர் மணிக்கட்டு அசையாம இருந்துச்சு. அப்புறம் "அம்மாயிக்குச் சொல்லிக்கலாம், எந்திரி"ன்னு என்கிட்டச் சொன்னார். விலையெல்லாம் பஸ்ஸுல வரும்போது அவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். பழைய கயித்தைச் சுருட்டித் தோள்ல போட்டிருந்தார்.

இதை எழுதறப்ப என்ன செய்யணும்? முதல்ல, யார் கண்ணு வழியா எழுதறோம்னு முடிவு பண்ணணும். கன்னைப் பிடிச்ச பையன் வழியா எழுதினா துண்டுக்குள்ள இருக்கிற விலை தெரியாது, மணிக்கட்டுதான் தெரியும். தரகர் வழியா எழுதினா விலை தெரியும், ஆனா சீட்டுல என்ன எழுதியிருக்குன்னு தெரியாது. தெரியாததை அப்படியே விட்டுரணும். வாங்க வந்தவர் எது வரைக்கும் ஏறியிருப்பார்ங்கறது அன்னைக்கு எங்களுக்குத் தெரியாது. கதையா எழுதறப்ப நான் 3,800-ன்னு தாள்ல குறிச்சுக்குவேன். படிக்கிறவங்களுக்குச் சொல்ல மாட்டேன். அந்த எண் இருந்தாத்தான் அவர் எந்த இடத்துல தடுமாறணும்னு எனக்குத் தெரியும்.

அடுத்தது, அந்த அசைவை எதிராளி பாக்கணும். சட்டைப் பையைத் தொட்டதைப் படிக்கிறவங்க மட்டும் பாத்தா பரிதாபம் வரும், பேரம் நகராது. தரகர் பாத்ததும்தான் நகருது. அதே மாதிரி, பாத்த பிறகு "அவருக்குப் பணம் அவசரம்னு புரிஞ்சு போச்சு"ன்னு எழுதக் கூடாது. பஸ்ஸைப் பத்தின ஒரு கேள்வி போதும்.

சரியா வந்திருக்குதான்னு பாக்க ஒரு வழி இருக்குது. ஒவ்வொரு அசைவையும் விரலால மூடிட்டு அடுத்த வரியைப் படிச்சுப் பாக்கணும். மீசையை முறுக்கறது, தொண்டையைச் செருமறது இதுகளை மூடினா அடுத்த விலை மாறாது. அப்ப அதெல்லாம் அலங்காரம், எடுத்துரலாம். கொம்புல நின்ன கட்டை விரலை மூடினா 4,200-க்கு எதிரா ஏன் 3,100 வந்துச்சுன்னு புரியாது. அப்படின்னா அது இருக்கணும். அடிச்சுத் திருத்திப் பாத்தா ஒரு பேரத்துக்கு நாலு திருப்பம்தான் தாங்கும். அதுக்கு மேல வெச்சா ரெண்டு பேரும் கூத்துக் கட்டற மாதிரி ஆயிரும்.

கடைசியா அவன்கிட்டச் சொன்னது இது. பொருளைத் தெரிஞ்சுக்காம அசைவு கிடைக்காது. கொம்பு வளையத்தைத் தெரியாதவன் கட்டை விரலை எங்க நிறுத்துவான்? வர்ற வாரம் சந்தைக்குக் கூட்டிட்டுப் போறதாச் சொல்லியிருக்கேன். நோட்டு வேண்டாம், ஒரு மாட்டுப் பக்கத்துல போய் நில்லு, கையை மட்டும் பாருன்னு சொல்லியிருக்கேன்.